மீட்டுப் பார்க்காத பேக்கப்

வெறும் 20 பைட். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லாத பேக்கப் கோப்பைச் சுருக்கி வைத்தால் அதன் அளவு பெரும்பாலும் அவ்வளவுதான். பல சிறு கடைகளில் ஆர்டர் விவரங்கள் மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸில் இருக்கின்றன. இரவு கடை சாத்திய பிறகு அதைப் பிரதி எடுக்க, மென்பொருள் போட்டுக் கொடுத்தவர் ஒரு தானியங்கி ஏற்பாட்டைச் செய்து வைத்திருப்பார். ஒருநாள் யாரோ டேட்டாபேஸின் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். அன்று முதல் பிரதி எடுக்கும் வேலை உள்ளே நுழைய முடியாமல் நின்றுவிடுகிறது. ஆனால் அதன் வெளியீட்டை வாங்கிச் சுருக்கும் gzip தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அன்றைய தேதியோடு ஒரு வெற்றுக் கோப்பை எழுதி வைக்கும். ஃபோல்டரைத் திறந்து பார்ப்பவருக்குத் தேதிவாரியாகக் கோப்புகள் வரிசையாக நிற்பது தெரியும். அளவுப் பத்தியை யார் பார்க்கிறார்கள்? பேக்கப் எடுக்கப்படுகிறது என்ற நம்பிக்கை இப்படித்தான் மாதக்கணக்கில் ஆதாரம் இல்லாமல் ஓடுகிறது. ஆகவே கடைக்காரர் நாள் குறித்துச் செய்ய வேண்டிய வேலை, எடுத்த பிரதியைத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது. எடுக்கும் வேலையை இயந்திரத்திடம் விட்டுவிடலாம்.

சின்னக் கடைக்காரரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ள முடியாது. 2017 ஜனவரி 31 அன்று, உலகெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவு நொடிகளில் போயிற்று. பேக்கப்பைத் தேடினால் அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் ஒத்துப்போகாததால் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் அஞ்சல் சர்வரிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. நிறுவனமே இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. அதற்காக அதைப் பாராட்ட வேண்டும். பல வழிகளில் பேக்கப் இருப்பதாக நம்பிய இடத்தில், அவற்றில் எதையாவது மாதம் ஒருமுறை ஏற்றிப் பார்த்திருந்தால் குறை முன்பே தெரிந்திருக்கும்.

இதற்குச் சட்டமும் உண்டு என்பது பல வியாபாரிகளுக்குத் தெரியாது. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் மின்னணு முறையில் கணக்கு வைத்தால், மத்திய ஜிஎஸ்டி விதிகள் 2017-இன் 57-ஆவது விதி அவருக்குப் பொருந்தும். விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ பதிவுகள் அழிந்தாலும், நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கக்கூடிய விதத்தில் பேக்கப் பராமரிக்க வேண்டும் என்கிறது அது. விதியின் அளவுகோல் மீட்டெடுக்க முடியுமா என்பதே. அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்பது அதற்குப் பதிலாகாது. எத்தனை காலம் வைத்திருப்பது? அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2023–24 கணக்குக்கு அந்தத் தேதி 2024 டிசம்பர் 31. எனவே 2030 டிசம்பர் 31 வரை அந்தப் பதிவுகள் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மார்ச் 31 இரவுப் பிரதியையும் தனியாக எடுத்து வைத்து, மற்ற தினசரிப் பிரதிகளைச் சில வாரங்களில் அழித்துக்கொண்டே போகலாம்.

ஓர் இனிப்புக் கடையை எடுத்துக்கொள்வோம். சாதாரண நாளில் 60 ஆர்டர், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் நாளுக்கு 400. இரவு 10 மணிக்கு ஒரே ஒரு பேக்கப். மாலை 5 மணிக்கு டிஸ்க் செத்தால், சாதாரண நாளில் போவது நாற்பது ஆர்டர். கடைப் பையன்களின் ஞாபகத்தைக் கொண்டே பாதியைச் சரிசெய்துவிடலாம். தீபாவளி வாரத்தில் முந்நூறு ஆர்டர் போகும், எல்லாம் அட்வான்ஸ் வாங்கியவை. எனவே எத்தனை மணி நேர ஆர்டர் போனால் தாங்கும், எத்தனை மணி நேரம் பில் போடாமல் நின்றால் தாங்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் முதலாளிதான் விடை சொல்ல வேண்டும்; கம்ப்யூட்டர்காரருக்கு அது தெரியாது. இந்தக் கடைக்கு ஆண்டு முழுக்க இரவுப் பேக்கப் போதும், சீசனில் மட்டும் மணிக்கொரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அளவு கடையின் பிரதியைச் சுருக்கினால் சில பத்து எம்பிக்கு மேல் போகாது, அடிக்கடி எடுப்பதில் செலவு எதுவும் இல்லை. எடுக்கும் கட்டளை இவ்வளவுதான்:

```
set -o pipefail
mysqldump --single-transaction --routines kadai \
  | gzip > kadai-$(date +%F-%H%M).sql.gz
```

முதல் வரி இல்லாவிட்டால் மேலே சொன்ன 20 பைட் கதை நடக்கும். அது இருந்தால், பிரதி எடுப்பது தோற்றதும் வேலை முழுவதும் தோற்றதாகப் பதிவாகும். அப்போதும் வெற்றுக் கோப்பு உருவாகும் என்பதால் அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். `--single-transaction` என்பது பிரதி எடுக்கும் நேரத்தில் பில் போடுவது நிற்காமலும், பாதி ஆர்டர் பிரதியில் விழாமலும் காக்கும். ஆனால் டேபிள்கள் InnoDB வகையாக இருந்தால்தான் அந்தக் காப்பு. பழைய மென்பொருள்களில் MyISAM இன்னும் கிடக்கிறது, அங்கே கடை மூடிய பிறகு எடுப்பதே நல்லது. எடுத்த கோப்பு கல்லாவுக்குள் இருக்கும் பென் டிரைவோடு நின்றுவிடக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளக் கடைக்குள் புகுந்த தண்ணீர் கம்ப்யூட்டரையும் கல்லாவையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு பிரதி கடையில், ஒன்று வீட்டில் இருக்கும் டிஸ்க்கில், ஒன்று இணையச் சேமிப்பில் என்று வைக்கலாம். வீட்டு டிஸ்க் பிரதி எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் கழற்றியே இருக்க வேண்டும். ரான்சம்வேர் கம்ப்யூட்டரோடு செருகியிருக்கும் எதையும் விடுவதில்லை.

“கூகுள் டிரைவில்தான் தானாக ஏறுகிறதே, இது எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒத்திசைவு; இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே பூட்டப்பட்டால் பூட்டிய கோப்பே அங்கே ஏறும். பழைய பதிப்புகளைச் சில நாள் வைத்திருக்கும் வசதி உண்டு, அது குறுகிய அவகாசம் மட்டுமே. போதாததற்கு, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பிரதி திறக்காமலேயே போகலாம். இரண்டு டிஸ்க் பொருத்தி ஒன்றைப்போல் இன்னொன்றை ஓட்டுவதும் டிஸ்க் கெடுவதற்குத்தான் மருந்து. கவுன்ட்டரில் ஒருவர் தவறாக ‘எல்லா ஆர்டரும் டெலிவரி ஆயிற்று’ என்று மாற்றிவிட்டால் அந்தத் தவறு இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் எழுதப்படும். மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் கனமானது: மென்பொருள் இணையத்தில் இருக்கிறது, பேக்கப் கம்பெனிக்காரர் பொறுப்பு. அவர் சர்வர் விழுந்தால் அவர் பொறுப்புதான். ஆனால் சந்தா தகராறில் கணக்கு முடங்கினால், அல்லது நம் ஆளே எதையாவது அழித்துவிட்டால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கிடைக்கும். எனவே மாதம் ஒருமுறை முழுத் தரவையும் சிஎஸ்வியாகவோ எஸ்க்யூஎல் கோப்பாகவோ இறக்கிக்கொள்ளும் உரிமையையும், சந்தா முடிந்தபின் எத்தனை நாள் தரவு வைக்கப்படும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஜிஎஸ்டி அதிகாரி கேள்வி கேட்டால் அவர் கேட்பது கடைக்காரரை. மென்பொருள் கம்பெனியை இல்லை.

இனி மீட்டுப் பார்ப்பது. கடையின் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது, வேறொரு லேப்டாப்பில் செய்ய வேண்டும். இதற்குக் காரணம் வெறும் ஜாக்கிரதை அல்ல. பிரதி எடுக்கும்போது யாராவது `--databases` என்ற சொல்லைச் சேர்த்திருந்தால், கோப்புக்குள்ளேயே `USE kadai` என்ற வரி இருக்கும். சோதனைக்கென்று வேறு பெயரில் ஏற்றச் சொன்னாலும் அது கேட்காது. நேராக அசல் டேட்டாபேஸுக்குப் போய் இருக்கும் டேபிள்களை அழித்துவிட்டுப் பழையதை எழுதும். சோதனை செய்யப் போய்க் கடையை இழந்தால் அதைவிடப் பரிதாபம் இல்லை.

```
gunzip -c kadai-2025-10-07-2200.sql.gz | tail -1
mysql -e "CREATE DATABASE sothanai"
gunzip -c kadai-2025-10-07-2200.sql.gz | mysql sothanai
mysql sothanai -e "SELECT COUNT(*), MAX(bill_no) FROM orders"
```

முதல் வரிக்கு விடையாக `-- Dump completed on` என்று தொடங்கும் வரி வர வேண்டும். வரவில்லை என்றால் பிரதி பாதியில் அறுந்திருக்கிறது. கடைசி வரி தரும் பில் எண், அன்று இரவு கல்லா முடித்த நோட்டில் இருக்கும் கடைசி பில் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். அன்றைய மொத்தத் தொகையையும் அப்படியே ஒப்பிடலாம். பிறகு தமிழில் பெயர் எழுதிய ஒரு ஆர்டரைத் திறந்து பாருங்கள். முருகேசன் என்ற பெயர் ‘?????????’ என்று வந்தால் எழுத்துக்குறியீடு மாறிப்போயிருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தும் பிரதி கெட்டதுதான், அந்தக் கேள்விக்குறியிலிருந்து பெயரை எந்த வித்தகராலும் திரும்ப எடுக்க முடியாது. கடைசியாக, பில்லிங் சாஃப்ட்வேரையே அந்த லேப்டாப்பில் திறந்து ஒரு பழைய பில்லை அச்சடிக்க வேண்டும். லைசென்ஸ் எண் யாரிடம் இருக்கிறது, பூட்டிய பேக்கப்பின் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும் என்ற கேள்விகள் இங்கேதான் எழும். பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டாமலும் விட முடியாது. வாடிக்கையாளரின் பெயர், போன், முகவரி எல்லாம் அதில் இருக்கின்றன, 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கும் பொறுப்பைக் கடைமேல்தான் வைக்கிறது. பாஸ்வேர்டை எழுதி ஒரு உறையில் ஒட்டி வீட்டு பீரோவில் வைப்பது இந்த விஷயத்தில் பழைய காலத்து வழி என்றாலும் சரியான வழி. பேக்கப்பை ஏற்பாடு செய்தவர் ஊரில் இல்லாத நாளில், வேறொருவர், தாளில் எழுதியதை மட்டும் பார்த்து மீட்டால்தான் அது சோதனை.

இதற்கு நேரம் இல்லை என்பார்கள். இந்த அளவு பிரதி ஏறச் சில நிமிடமே ஆகும். ஒப்பிட்டு முடிக்க அரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை மட்டும் ஒரு மதியம் முழுக்கப் போகும், ஏதாவது ஒன்று கட்டாயம் இடறும். கூட்டம் இல்லாத ஆடி மாதத்தில் இடறுவது நல்லது.

எல்லாம் சரியாக மீட்டாலும், கடைசிப் பேக்கப்புக்கும் கம்ப்யூட்டர் நின்ற நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அந்த ஆர்டர்களை வெளியிலிருந்துதான் திரட்ட வேண்டும். யுபிஐ வரவுப் பட்டியலில் நேரமும் தொகையும் கிடைக்கும், என்ன இனிப்பு என்பது கிடைக்காது. வாட்ஸ்அப்பில் பொருள் கிடைக்கும், பில் எண் கிடைக்காது. ரொக்க ஆர்டருக்கு வாடிக்கையாளர் கையில் இருக்கும் ரசீது மட்டுமே. சீசனில் பில்லுக்குக் கார்பன் பிரதி ஒன்று கிழித்து வைத்தால் இந்தத் தேடலில் முக்கால் பங்கு மிச்சம். பதிவு அழிந்துவிட்டது என்பது அட்வான்ஸ் கொடுத்தவரைத் திருப்பி அனுப்பக் காரணமாகாது. அவரிடம் இருக்கும் ரசீதோ யுபிஐ குறுஞ்செய்தியோ நுகர்வோர் ஆணையத்தில் சான்றாக நிற்கும். ரான்சம்வேரால் போயிருந்தால் cybercrime.gov.in தளத்தில் புகார் பதிந்து எண்ணை வாங்கி வைக்க வேண்டும், பணமும் போயிருந்தால் உடனே 1930. பிறகு கணக்கு ஏன் இடையில் அறுந்தது என்று ஆடிட்டரோ அதிகாரியோ கேட்கும்போது காட்ட இரண்டு தாள் தேவைப்படும்: அந்தப் புகாரின் நகல், அதோடு எந்தத் தேதியில் எந்தப் பிரதியை ஏற்றிப் பார்த்தோம், கடைசி பில் எண் என்ன வந்தது, எத்தனை நிமிடம் ஆனது, யார் செய்தது என்று மாதாமாதம் ஒரு வரி எழுதி வந்த நோட்டின் பக்கம்.