மணலி ஆலையில் ஈரானுக்குப் பங்கு உண்டு, ஈரான் எண்ணெய்க்கு இடமில்லை: பொருளாதாரத் தடை எப்படி வேலை செய்கிறது, ஏன் தோற்கிறது?

ராயபுரம், திருவொற்றியூர் வழியாக எண்ணூர் பக்கம் போகிறவர்களுக்கு மணலி சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி உச்சியில் எரியும் தீ பழக்கமான காட்சி. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய் குழாய் வழியாக அங்கேதான் போகிறது. சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், சுருக்கமாக சி.பி.சி.எல். இந்த நிறுவனத்தின் பங்குதாரர் பட்டியலைப் பார்த்தால் ஒரு ஆச்சரியம் இருக்கும். சுமார் 52 சதவீதம் இந்தியன் ஆயில் கையில். அடுத்த பெரிய பங்குதாரர், 15.4 சதவீதத்துடன், நாஃப்ட்டிரான் இன்டர்ட்ரேட். அது ஈரான் அரசின் எண்ணெய் நிறுவனத்தைச் சேர்ந்தது.

அதாவது, வடசென்னையில் இருக்கும் இந்த ஆலையில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் ஈரானுடையது. ஆனால் ஈரான் எண்ணெய் இங்கே வருவதில்லை. ஏன்? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால், பொருளாதாரத் தடை என்ற ஆயுதம் எங்கே வெட்டும், எங்கே மழுங்கும் என்று நன்றாகப் புரியும்.

ஈரான் எப்படி மணலிக்கு வந்தது?

1965-ல் 'மெட்ராஸ் ரிஃபைனரீஸ்' என்ற பெயரில் இந்த நிறுவனம் தொடங்கியபோது 74 சதவீதம் இந்திய அரசுக்கு. மீதியை அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் ஆளுக்கு 13 சதவீதமாக எடுத்துக்கொண்டன. அப்போது இந்த இரண்டு நிறுவனங்களும் பாரசீக வளைகுடாவில் கூட்டாக எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தன. அங்கே கிடைத்த 'டேரியஸ்' கச்சா எண்ணெயை மனதில் வைத்தே மணலி ஆலை வடிவமைக்கப்பட்டது. அமெரிக்காவும் ஈரானும் ஒரே கம்பெனியில் பார்ட்னர்கள்! இன்றைக்கு நினைத்துப் பார்க்கவே முடியாது. 1979 புரட்சிக்குப் பிறகு அந்த நட்பு முடிந்தது. அமோகோ 1980-களில் விலகியது. ஈரான் தங்கிவிட்டது.

தடையின் கணக்கு என்ன?

சிம்பிளாகச் சொன்னால், ஒரு அரசு செய்துகொண்டிருக்கும் காரியத்தின் விலையை ஏற்றுவதுதான் தடை. ஈரான் விஷயத்தில் அந்தக் காரியம் யுரேனியம் செறிவூட்டல். எண்ணெய் வருமானம் போனால் கஜானா காலியாகும், நாணய மதிப்பு சரியும், விலைவாசி ஏறும், மக்கள் கோபப்படுவார்கள், ஆட்சியாளர்கள் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். கணக்கு இதுதான்.

ஆனால் அமெரிக்கா ஈரானிடம் எண்ணெய் வாங்குவதே இல்லை. அப்போது வாங்கிக்கொண்டிருந்தது இந்தியா, சீனா, ஜப்பான், தென்கொரியா. அவர்களை எப்படி நிறுத்துவது? 2011 கடைசியில் வந்த அமெரிக்கச் சட்டம் இதற்கு வழி கண்டது. ஈரான் எண்ணெய்க்குப் பணம் அனுப்பும் வெளிநாட்டு வங்கிக்கு அமெரிக்காவில் கதவு மூடப்படும். ஈரானா, டாலரா, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். இதற்கு 'இரண்டாம் நிலைத் தடை' என்று பெயர்.

தடை ஒன்று, பைபாஸ் ஒன்று

இந்தியா என்ன செய்தது என்பதுதான் சுவாரசியம். முதலில் ஆசிய நாடுகளுக்குள் கணக்குத் தீர்க்கும் 'ஆசியன் கிளியரிங் யூனியன்' வழியாகப் பணம் போய்க்கொண்டிருந்தது. 2010 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தியது. பணம் ஜெர்மனியில் இருந்த ஒரு வங்கி வழியாகப் போனது. ஐரோப்பா அதையும் மூடியது. அடுத்து துருக்கியின் ஹால்க் வங்கி. 2013-ல் அதுவும் அடைபட்டது.

இதற்கு நடுவே 2012-ல் ஒரு உள்ளூர் ஏற்பாடு வந்தது. எண்ணெய் விலையில் 45 சதவீதத்தை ரூபாயாக கொல்கத்தாவின் யூகோ வங்கியில் போட்டுவிடுவது. யூகோவுக்கு அமெரிக்காவில் கிளை இல்லை, அதனால் பயமும் குறைவு. ஆனால் அந்த ரூபாயை ஈரான் இந்தியாவில்தான் செலவு செய்ய முடியும். பாசுமதி அரிசி, தேயிலை, மருந்து என்று வாங்கிக்கொண்டது. மீதிப் பாக்கி இந்தியாவிலேயே சேர்ந்துகொண்டே போனது. 2016-ல் தடை தளர்ந்தபோது இந்திய ஆலைகள் ஈரானுக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 640 கோடி டாலர்.

ஆக, தடை போட்டால் வியாபாரம் உடனே நின்றுவிடாது. வளைந்து நெளிந்து வேறு வழி தேடும். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் விற்பவருக்குக் கொஞ்சம் நஷ்டம்.

மணலியை நிறுத்தியது எது?

2018 மே மாதம் அதிபர் டிரம்ப் அணு ஒப்பந்தத்திலிருந்து வெளியேறி, தடைகளைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார். ஐ.நா. விதிக்கும் தடையைத்தான் ஏற்போம், தனி நாடு விதிக்கும் தடையை அல்ல என்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் தெளிவாகச் சொன்னார். இந்தியச் சட்டப்படி ஈரான் எண்ணெய் வாங்குவது குற்றமே இல்லை. ஈரானும் 60 நாள் கடன், கப்பல் கட்டணத்தில் சலுகை என்று தாராளமாக இருந்தது.

ஆனால் அந்த ஆண்டு அக்டோபரிலிருந்தே ஈரான் எண்ணெயை நிறுத்த சி.பி.சி.எல். தயாராவதாகச் செய்தி வந்தது. அமெரிக்காவின் எண்ணெய்த் தடை அமலுக்கு வந்ததோ நவம்பர் 5-ல்தான். காரணம், இன்ஷூரன்ஸ். ஆலையின் ஆண்டு பாலிசி அக்டோபரில் புதுப்பிக்கப்பட வேண்டும். ஈரான் எண்ணெயைச் சுத்திகரித்தால் அதனால் வரும் இழப்புக்குக் கவரேஜ் கிடையாது என்ற நிலை. காப்பீடு தரும் யுனைடெட் இந்தியாவும் அரசு நிறுவனம்தான், தலைமையகம் சென்னைதான். அப்புறம் என்ன பயம்?

பல ஆயிரம் கோடி ரூபாய் மதிப்புள்ள ஆலையின் ரிஸ்க்கை ஒரு கம்பெனி மட்டும் சுமக்காது. பெரும்பகுதியை வெளிநாட்டு மறுகாப்பீட்டு நிறுவனங்களிடம் தள்ளிவிடும். அவர்களின் தொழில் அமெரிக்கச் சந்தையோடு பின்னியது. ஈரான் வாடை அடித்தாலே ஒதுங்கிவிடுவார்கள். 2012-ல் கப்பல்களுக்கும் இதே சிக்கல் வந்தது. ஐரோப்பியக் காப்பீடு விலகியதும், இந்தியா தானே ஒரு கப்பலுக்கு 5 கோடி டாலர் வரை கவரேஜ் கொடுத்துப் பார்த்தது. உலக அளவில் எண்ணெய்க் கப்பலுக்கு வழக்கமான கவரேஜ் சுமார் 100 கோடி டாலர். எண்ணெய்க் கசிவு ஒன்று நடந்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளியை யார் கட்டுவது?

2019 மே மாதம் இந்தியாவுக்குக் கிடைத்திருந்த தற்காலிக விலக்கும் முடிந்தது. இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதை முழுக்க நிறுத்தியது.

அப்போ தடை ஜெயித்ததா?

எண்ணெயை நிறுத்துவதில் ஜெயித்தது. ஆனால் தடையின் நோக்கம் எண்ணெயை நிறுத்துவது அல்லவே! ஈரான் அரசின் நடத்தையை மாற்றுவதுதானே? அங்கேதான் கதை மாறுகிறது. ஈரானிலேயே இரண்டு ரவுண்டு நடந்திருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

முதல் ரவுண்டு, 2012 முதல் 2015 வரை. நாளொன்றுக்கு சுமார் 25 லட்சம் பேரலாக இருந்த ஈரானின் எண்ணெய் ஏற்றுமதி பாதிக்கும் கீழே போனது. 2012-ல் மட்டும் ரியாலின் மதிப்பு ஏறக்குறைய பாதியானது. தடைகளை நீக்கப் பேசுவேன் என்ற ஹசன் ரூஹானி 2013 தேர்தலில் வென்றார். 2015 ஜூலையில் ஒப்பந்தம் வந்தது. செறிவூட்டல் 3.67 சதவீதத்தைத் தாண்டாது, கையிருப்பு 300 கிலோவுக்கு மேல் போகாது என்று ஈரான் ஒப்புக்கொண்டது.

இது வலியால் மட்டும் நடந்ததல்ல. உள்நாட்டில் குறைந்த அளவு செறிவூட்டலை ஈரான் வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்காவும் இறங்கி வந்தது. கேட்டது சின்னது, அளக்கக்கூடியது. செய்தால் தடை போகும் என்ற உத்தரவாதமும் இருந்தது.

இரண்டாவது ரவுண்டு, 2018-க்குப் பிறகு. வலி முன்பைவிட அதிகம். ஆனால் கோரிக்கைகள் 12. செறிவூட்டலை அடியோடு நிறுத்து, சிரியாவிலிருந்து வெளியேறு, ஹிஸ்புல்லாவுக்கு ஆதரவை நிறுத்து என்று நீண்டது பட்டியல். டெஹ்ரானின் காதில் இது 'ஆட்சியையே விட்டுப் போ' என்றுதான் விழுந்தது. அதோடு, ஒப்பந்தத்தை ஈரான் கடைப்பிடிக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை சான்று சொல்லிக்கொண்டிருந்தபோதே அமெரிக்கா விலகியிருந்தது. சொன்னபடி நடந்தாலும் அடி, நடக்காவிட்டாலும் அடி என்றால் யார் நடப்பார்கள்?

முடிவு, அளவுகோலிலேயே தெரிந்தது. 2019 ஜூலையில் செறிவூட்டல் 4.5 சதவீதம். 2021 ஜனவரியில் 20 சதவீதம். அதே ஏப்ரலில் 60 சதவீதம். ஆயுதத்துக்குத் தேவை சுமார் 90. தடை எதைத் தடுக்க வந்ததோ, அது தடைக்குப் பிறகுதான் வேகமெடுத்தது.

ஓட்டை எங்கே?

மணலி வாங்காத எண்ணெய் கடலுக்கு அடியிலேயே தங்கிவிடவில்லை. சீனாவின் சிறிய தனியார் ஆலைகளுக்குப் போனது. கப்பல்கள் இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டு, மலேசியா அருகே நடுக்கடலில் வேறு கப்பலுக்கு எண்ணெயை மாற்றின. அமெரிக்காவில் கிளையோ, சொத்தோ, பெரிய மறுகாப்பீடோ தேவைப்படாத சின்ன நிறுவனங்களை இரண்டாம் நிலைத் தடை என்ன செய்யும்? தள்ளுபடி விலையில் விற்றாலும், 2023-24-ல் ஈரானின் ஏற்றுமதி மறுபடி சுமார் 15 லட்சம் பேரலைத் தொட்டது.

இன்னொரு பக்கம், வலி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதும் முக்கியம். மருந்துக்குத் தடை கிடையாது. ஆனால் பணம் அனுப்ப வங்கிகள் பயந்ததால், சில மருந்துகளுக்கு ஈரான் நோயாளிகள் அலைய வேண்டியிருந்தது. முறையான வணிகர்கள் நொடித்த இடத்தில், கடத்தல் வழிகளைக் கையில் வைத்திருந்த, புரட்சிகரக் காவல்படைக்கு நெருக்கமானவர்கள் வளர்ந்தார்கள். கோபப்பட வேண்டிய நடுத்தர வர்க்கம் ரேஷனுக்கும் மானியத்துக்கும் அரசையே நம்பி நின்றது.

இது ஈரானுக்கு மட்டுமான விஷயம் அல்ல. 1914 முதல் 1990 வரையிலான 115 தடைகளை ஆராய்ந்த ஹஃப்பவர் குழு, அவற்றில் 40 வென்றதாகச் சொன்னது. அதே பட்டியலைத் திரும்பச் சோதித்த அரசியல் அறிஞர் ராபர்ட் பேப், தடையால் மட்டுமே வென்றவை ஐந்துதான் என்றார். மற்றவற்றில் பெரும்பாலானவற்றில் ராணுவ பலம் வேலை செய்திருந்தது, அல்லது கேட்டது கிடைக்கவே இல்லை.

அடுத்த முறை ஏதாவது ஒரு நாட்டின் மீது 'கடும் தடை' என்று செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். அந்த அரசிடம் கேட்பது அது பிழைத்திருந்து கொடுக்கக்கூடிய ஒன்றா? அதன் சரக்கை வாங்க வேறு ஆள் இருக்கிறாரா? கொடுத்தால் தடை நிஜமாகவே நீங்குமா? 2013-ல் ஈரானுக்கு மூன்று பதில்களும் ஓரளவு சாதகமாக இருந்தன. 2018-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள் மீது அமெரிக்கா குண்டு வீசியது. போருக்கு மாற்றாகச் சொல்லப்பட்ட வழி, கடைசியில் அங்கேதான் போய் நின்றது.

மணலி ஆலை இப்போது வேறு நாடுகளின் எண்ணெயில் ஓடுகிறது. பங்குதாரர் பட்டியலில் அந்த 15.4 சதவீதம் மட்டும் அப்படியே இருக்கிறது.