அட்வான்ஸ் கொடுக்கும் முன் அடுப்பைத் தீர்மானியுங்கள்

என் அக்கா மகள் குரோம்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷன் பார்த்திருந்தாள். அவளும் அவளோடு வேலை பார்க்கும் தோழியும் சேர்ந்து தங்க. ஒரு ஹால், அதை ஒட்டி ஆறடிக்கு ஐந்தடியில் சமையலறை. "சித்தி, இண்டக்‌ஷன் வாங்கட்டுமா, கேஸ் கனெக்‌ஷன் எடுக்கட்டுமா?" என்று போனில் கேட்டாள். "முதல்ல வீட்டைப் பாப்போம், அட்வான்ஸ் இன்னும் கொடுக்காதே" என்றேன். எந்த அடுப்பு நல்லது என்பதை அடுப்புக் கடையில் தீர்மானிக்க முடியாது. வாடகை வீட்டில் அதைத் தீர்மானிப்பவை சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட், வீட்டுக்காரர் வைத்திருக்கும் மீட்டர், சமையலறையின் காற்று ஆகிய மூன்றும்தான். பார்க்க வேண்டிய வரிசையும் அதுவே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். என் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பையும், அதற்கு ஒத்து வரும் ஒரு பாத்திரத்தையும், ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றையும் பையில் எடுத்துப் போயிருந்தேன்.

முதலில் பிளக். சமையல் மேடைக்கு மேலே ஒரு ஸ்விட்ச் போர்டு இருந்தது. அதில் இருந்தது மிக்ஸி போடுகிற சின்ன 6 ஆம்ப்ஸ் சாக்கெட். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் ஓடும்போது, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். அதனால்தான் அப்படிப்பட்ட அடுப்புக்குக் கெட்டிக் கால் உள்ள 16 ஆம்ப்ஸ் பிளக் வருகிறது. சின்னச் சாக்கெட்டில் அது நுழையாது என்று கடையில் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். நானும் கல்யாணமான புதிதில் மதுரை வாடகை வீட்டில் அதைத்தான் செய்தேன். மூன்றாவது வாரம் பால் காய்ச்சும்போது மீன் அழுகினது போல ஒரு வாடை. சமையலறையில் மீனே இல்லை. கன்வெர்ட்டரைத் தொட்டால் கை சுட்டது. பிடுங்கிப் பார்த்தால் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுத்து, காபிப் பொடி நிறத்தில் ஒரு வளையம். சூட்டில் பிளாஸ்டிக் உருகும்போது வருகிற வாடை அது. அந்த வாடையை ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

பெரிய சாக்கெட் இருந்தாலே போதும் என்றும் நினைக்கக் கூடாது. முகப்பு 16 ஆம்ப்ஸாக இருக்கும். பின்னால் லைட்டுக்குப் போகும் மெல்லிய ஒயரிலிருந்தே இழுத்திருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்கச் சுவரை உடைக்க வேண்டாம். மெயின் பாக்ஸில் எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள். சமையலறைச் சாக்கெட் அணையும்போது ஹால் லைட்டும் ஃபேனும் சேர்ந்தே அணைந்தால், அது தனி லைன் இல்லை. பவர் சாக்கெட்டுக்கென்று தனி எம்சிபி இருக்க வேண்டும். அதன் மேல் 16 என்ற எண் இருக்க வேண்டும். ஒயர் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் அளவு இருக்க வேண்டும். அக்கா மகள் பார்த்த வீட்டில் சமையலறை பிளக்கும் ஹால் ஃபேனும் ஒன்றாகவே அணைந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கை. எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று சொன்னால், அதைக் கழற்றிப் பெரிய எண் உள்ளதாக மாற்றித் தருகிற எலக்ட்ரீஷியன்கள் உண்டு. ஒயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்கினால், அது விழுவது நிற்கும்; அதற்குப் பதிலாகச் சுவருக்குள் ஒயர் சூடாகும். விழுகிற எம்சிபி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

அடுத்து மீட்டர். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். "தனி ஈபி கார்டு இல்லம்மா, சப் மீட்டர்தான். யூனிட்டுக்கு எட்டு ரூபாய்." சென்னையில் பல போர்ஷன்களில் இதுதான் நடைமுறை. உங்கள் பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ அந்தப் போர்ஷனுக்கென்று தனி மின் இணைப்பு இருந்தால், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் தட்டுத் தட்டாக விலை ஏறும். சப் மீட்டர்க்காரருக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் வந்து சேராது.

இனி கணக்கு. ஒரு 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பத்தை மின்சார அளவில் சொன்னால் சுமார் 180 யூனிட். நல்ல கேஸ் அடுப்பிலும் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குள் போகும். மிச்சம் ஓரத்தில் வழிந்து சமையலறையைச் சூடாக்கும். இண்டக்‌ஷனில் நூற்றுக்கு எண்பத்தைந்து வரை பாத்திரத்துக்குப் போகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்‌ஷன் செய்ய ஏறத்தாழ 140 யூனிட் ஆகும். இரண்டு பேர் காலையும் இரவும் சமைத்தால் நாளைக்கு 2 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் சிலிண்டர் 70 நாள் வரும். 2025 ஏப்ரலில் விலை ஏறியபோது சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. அந்த விலைக்கு மாதம் சுமார் 370 ரூபாய். அதே சமையல் எட்டு ரூபாய் மின்சாரத்தில் 60 யூனிட்டுக்கு 480 ரூபாய். யூனிட் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிற வீடாக இருந்தால் வெறும் 300 ரூபாய். ஆகவே யூனிட் ஆறு ரூபாய்க்குக் கீழே இருந்தால் இண்டக்‌ஷன் மலிவு, அதற்கு மேலே போனால் கேஸ் மலிவு. சிலிண்டர் விலை மாறும்போது அதை 140 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வருகிற விடைதான் உங்கள் எல்லைக் கோடு.

அதுவரை பார்த்தால் கேஸ்தான் ஜெயிக்க வேண்டும். பிளக் சரியில்லை, யூனிட்டும் விலை அதிகம். ஆனால் மூன்றாவதாகக் காற்றைப் பார்த்தோம். அந்தச் சமையலறைக்கு ஜன்னலே இல்லை. மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர், அதுவும் கண்ணாடி வைத்து அடைத்தது. கதவும் கிடையாது, நேரே ஹாலில் திறக்கிறது. ஹாலில்தான் இரண்டு பெண்களும் பாய் விரித்துப் படுக்கப் போகிறார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் போலத் தரையில் இறங்கிப் பரவும். உயரத்தில் இருக்கும் வென்டிலேட்டர் திறந்திருந்தாலும் அதற்குப் பெரிய உதவி இல்லை. தரை மட்டத்தில் வெளியே போக வழி வேண்டும். இங்கே அது போகிற இடம் பாய்தான். நூற்றுப் பத்து ரூபாய் மிச்சத்துக்காகச் சிலிண்டரைத் தலைமாட்டில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அதனால் வீட்டுக்கார அம்மாவிடம் நேரடியாகப் பேசினேன். மெயின் பாக்ஸிலிருந்து சமையலறைக்குத் தனி 2.5 லைன், ஒரு 16 ஆம்ப்ஸ் சாக்கெட், ஒரு எம்சிபி. செலவில் பாதி எங்களுடையது, காலி செய்யும்போது லைன் அவர்களுக்கே. "சிலிண்டர் வேண்டாம்னா எனக்கும் நிம்மதிதாம்மா" என்று ஒத்துக்கொண்டார். இதைப் பேச வேண்டிய நேரம் அட்வான்ஸுக்கு முன்புதான். பணம் கைமாறிய பிறகு ஆணி அடிக்கவே அனுமதி கிடைப்பது கஷ்டம்.

லைன் போட்ட அன்றே சோதித்தோம். இரண்டு லிட்டர் தண்ணீரை 2000 வாட்டில் வைத்தோம். ஆறு நிமிடத்தில் தளதளவென்று கொதித்தது. அதற்கு ரொம்ப நேரம் ஆனால் வோல்டேஜ் குறைவாக வருகிறது, அல்லது பாத்திரம் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். நிறுத்தாமல் மொத்தம் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அடுப்பை அணைத்ததும் பிளக்கின் மேல்பாகத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு இருந்தால் பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் உள்ளே எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. இங்கே கிட்டத்தட்டச் சூடே இல்லை.

பிறகு பாத்திரங்கள். அக்கா கொடுத்துவிட்ட மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றின் அடியிலும் காந்தத்தை வைத்தோம். அலுமினிய குக்கர், இட்லிப் பானை, பித்தளை உருளி எதிலும் ஒட்டவில்லை. எவர்சில்வரில் சிலதில் ஒட்டியது, சிலதில் வழுக்கி விழுந்தது. இரும்பு வாணலியில் பட்டென்று ஒட்டினாலும் அடி குண்டாக இருந்ததால் அதுவும் பயனில்லை. கண்ணாடியில் தட்டையாக உட்கார வேண்டும். கடைசியில் தேறியது தோசைக்கல்லும் ஒரு சாம்பார் பாத்திரமும்தான். ஆகவே அடுப்பு விலையோடு, இண்டக்‌ஷன் அடி உள்ள மூன்று லிட்டர் குக்கர் ஒன்றும் தட்டை வாணலி ஒன்றும் வாங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோசை விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடுப்புக்குள் இருக்கும் காயில் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. பன்னிரண்டு அங்குலக் கல்லை வைத்தால் நடுவில் தோசை கருகும், ஓரம் வெளுத்து மாவாக நிற்கும். ஒன்பது அங்குலக் கல்லைக் குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் காயவிட்டு, பிறகு சின்னதாக வார்த்தால் நன்றாக வருகிறது. அப்பளம் சுடுவது, கத்தரிக்காய் சுடுவது இரண்டும் நடக்காது.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். அடுப்பின் அடியிலிருந்து ஃபேன் காற்றை இழுக்கும். அடியில் நியூஸ் பேப்பரோ பிளாஸ்டிக் ஷீட்டோ விரித்தால் வழி அடைபட்டு அடுப்பு தானாக அணைந்துவிடும். சுவரிலிருந்து நான்கு விரல்கடையாவது தள்ளி வையுங்கள். சமைத்து முடித்ததும் சுவர் ஸ்விட்சை உடனே அணைக்க வேண்டாம், ஃபேன் நிற்கும்வரை விடுங்கள். இரவில் அடுப்பைத் துடைத்து நிறுத்தி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் அடுப்பின் வெதுவெதுப்புக்குக் கரப்பான் உள்ளே குடியேறி போர்டைக் கெடுக்கும். கரண்ட் போனால் சமையல் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் இந்த லோடைத் தாங்காது. அன்றைக்கு அவலும் தயிரும்தான்.

உங்கள் சமையலறையில் ஜன்னலும், தரை மட்டத்தில் காற்றுப் போக வழியும் இருந்து, யூனிட் எட்டு ரூபாய் என்றால் தயங்காமல் கேஸ் எடுங்கள். வாடகை ஒப்பந்தத்தை முகவரிச் சான்றாகக் கொடுக்கலாம். சிலிண்டருக்கு 2200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250 ரூபாய் என்று 2022 ஜூனில் வைப்புத் தொகையை உயர்த்தினார்கள். அந்த ரசீதைப் பத்திரப்படுத்தினால் திருப்பி ஒப்படைக்கும்போது பணம் வரும். சிலிண்டரை நிமிர்த்தி, அடுப்பைவிடத் தாழ்வாக வையுங்கள். ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்து ஐந்து வருடத்துக்குள் மாற்றுங்கள். முகவரிச் சான்றே இல்லாதவர்களுக்கு 5 கிலோ சோட்டு சிலிண்டர் உண்டு, ஆனால் கிலோ கணக்கில் விலை கூடுதல்.

இண்டக்‌ஷன் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறை, சமைத்து முடித்த கையோடு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை அந்தச் சாக்கெட்டில் அடுப்பை மாட்டாதீர்கள்.