தடுமாறாத குரலுக்கு எத்தனை மதிப்பெண்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கூட்ட அறை என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பையர் ஆங்கிலத்தில் பேசுகிறார். மேசைக்கு இந்தப் பக்கம் முதலாளி, தயாரிப்பு மேலாளர், சூப்பர்வைசர்கள் என்று ஐந்தாறு பேர், காதில் ஹெட்போனுடன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர், பையர் பேசப் பேச அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருகிறார். கூட்டம் முடிந்ததும் கையில் ஒரு படிவம் தரப்படுகிறது. மொழிபெயர்ப்பு சரியாக இருந்ததா? முழுமையாக இருந்ததா? எவ்வளவு தாமதம்? பதற்றமில்லாமல் பேசினாரா? ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை?

இங்கேதான் சிக்கல். ஆங்கிலம் தெரிந்திருந்தால் அவர்களுக்கு ஹெட்போனே தேவைப்பட்டிருக்காது. தெரியாததால், முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல அவர்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. காதில் விழுந்தது குரல் ஒன்றுதான். அந்தக் குரலை வைத்தே நான்கு கேள்விகளுக்கும் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள்.

ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர் ஆங்கெலா கொயாதோஸ் ஆயிஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. உள்ளடக்கத்தில் பிழையில்லாத மொழிபெயர்ப்பே ஆனாலும், ஏற்ற இறக்கமில்லாத தட்டையான குரலில் வந்தால் கேட்பவர்கள் மதிப்பைக் குறைத்தார்கள். குரலுக்கு மட்டும் குறைத்திருந்தால் நியாயம். 'சரியாக இருந்ததா' என்ற கேள்விக்கும் சேர்த்துக் குறைத்தார்கள்.

ஆகவே மதிப்பிடுபவர் இரண்டு பக்கத்தையும் கேட்கிறவராக இருக்க வேண்டும். இது பழைய பாடம். 1945 நவம்பரில் தொடங்கிய நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணை ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என நான்கு மொழிகளில் ஒரே நேரத்தில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு அருகிலேயே கண்காணிப்பாளர் ஒருவர் இருந்தார். பேச்சு வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு எரியும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் சிவப்பு விளக்கு. மொழிபெயர்ப்பு கைநழுவுகிறதா என்று தீர்ப்பளித்தவர் ஹெட்போன் மாட்டிய பார்வையாளர் அல்ல, இரு மொழியும் அறிந்த கண்காணிப்பாளர்.

இன்றைய கூட்டத்தில் இதற்கு வழி எளிது. பேசுபவரின் ஒலியைத் தனியாகவும் மொழிபெயர்ப்பாளரின் ஒலியைத் தனியாகவும் பதிவு செய்து, ஒன்றை இடது காதிலும் மற்றதை வலது காதிலும் வைத்துக் கேட்க வேண்டும். முழுக் கூட்டமும் வேண்டியதில்லை. இரண்டு மூன்று நிமிடத் துண்டுகள் மூன்று போதும்: தொடக்கத்தில் ஒன்று, எண்களும் பெயர்களும் அடர்த்தியாக வரும் இடத்தில் ஒன்று, அவருடைய முறை முடியப்போகும் நேரத்தில் ஒன்று. பொதுவாக இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவார்கள். களைப்பு தெரிவது கடைசி நிமிடங்களில்தான்.

அரை நிமிடப் பேச்சு

நம் பையர் அரை நிமிடத்துக்குள் சொன்னது இவ்வளவு. அக்டோபர் ஆர்டரிலிருந்து, மூன்று முறை துவைத்த பிறகு சுருக்கம் 5 சதவீதத்துக்கு மேல் போனால் சரக்கை ஏற்க மாட்டோம். போன சரக்கில் 18,000 பீஸில் சுமார் 1,350 திரும்பி வந்துவிட்டன. பெரும்பாலும் நேவி ப்ளூ, எல் சைஸ். காம்பாக்டிங்கில் பிரச்சினை என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியவில்லை.

முதல் மொழிபெயர்ப்பாளர் இப்படிச் சொல்கிறார்: "அக்டோபரிலிருந்து சுருக்கம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். போன சரக்கில் நிறைய பீஸ் திரும்பி வந்துவிட்டது. உங்கள் காம்பாக்டிங்கில்தான் தவறு." குரல் வானொலிச் செய்தி வாசிப்பதைப் போல் இருக்கிறது. பையருக்கு இரண்டே விநாடி பின்னால் வருகிறார்.

இரண்டாமவர்: "அக்டோபர் ஆர்டரிலிருந்து, மூன்று முறை துவைத்த பிறகு சுருக்கம் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால்... சரக்கை ஏற்க மாட்டோம். போன தடவை 18,000 பீஸில் சுமார் 1,530... திருத்தம், 1,350 பீஸ் திரும்பி வந்தது. பெரும்பாலும் நேவி ப்ளூ. பிரச்சினை காம்பாக்டிங்கில் என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியவில்லை." மூச்சு வாங்குவது மைக்கில் கேட்கிறது, நடுவில் குரல் தேய்கிறது, சில இடங்களில் ஆறு விநாடி வரை பின்தங்குகிறார்.

ஹெட்போன் மாட்டியவர்களைக் கேட்டால் முதலாமவரைத்தான் அடுத்த முறையும் கூப்பிடச் சொல்வார்கள்.

சரியாகச் சொன்னாரா, முழுதாகச் சொன்னாரா

இந்த இரண்டையும் கலக்காமல் பார்க்க வேண்டும். சொன்னதில் பிழை இருந்தால் அது சரித்தன்மைக் குறை. சொல்லாமல் விட்டிருந்தால் முழுமைக் குறை. மதிப்பிடுபவர் மூலப் பேச்சைச் சிறுசிறு தகவல்களாகப் பிரித்து எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வந்தது', 'மாறியது', 'விடுபட்டது' என்று குறித்துக்கொண்டே போவது நல்ல வழி.

முதலாமவரிடம் மாறியவை இரண்டு. 'ஏற்க மாட்டோம்' என்ற கறார் நிபந்தனை, 'இருக்க வேண்டும்' என்ற பொதுவான அறிவுரையாக இளகிவிட்டது. பையரின் சந்தேகம், கம்பெனியின் மேல் சுமத்திய குற்றச்சாட்டாகிவிட்டது. இது சாதாரணப் பிழை இல்லை. முதலாளி காம்பாக்டிங் யூனிட்டோடு சண்டைக்குப் போவார். கோளாறு சாயத்திலோ துணியிலோ இருந்தால் யாரும் அதைத் தேட மாட்டார்கள். பிழைகளை எண்ணினால் மட்டும் போதாது என்பது இதனால்தான். அந்தப் பிழையை நம்பி ஒருவர் நடந்தால் முடிவு மாறுமா என்று கேட்க வேண்டும். மாறும் என்றால் அந்த ஒரு பிழையே மதிப்பெண்ணைப் பாதியாக்கத் தகுந்தது.

அவர் விட்டவை அதைவிட அதிகம்: மூன்று துவைப்பு, இரண்டு எண்கள், நிறம், சைஸ். 'நிறைய பீஸ்' என்று சுருக்கியதால் வாக்கியம் முழுமையாகத் தோன்றுகிறது, ஓட்டை தெரியவில்லை. அதே நேரத்தில், விட்டதெல்லாம் குறையும் அல்ல. 'நான் என்ன சொல்ல வர்றேன்னா' என்று பேசுபவர் இழுப்பதையும், சொன்னதையே திரும்பச் சொல்வதையும் கழித்துவிட்டால் அதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது.

இரண்டாமவர் விட்டது எல் சைஸ் ஒன்றைத்தான். அது எங்கே விடுபட்டது என்று பாருங்கள். எல் சைஸில் கடினம் எதுவும் இல்லை. அதற்குச் சற்று முன்னால் 1,350 என்ற எண்ணைத் திருத்துவதில் அவர் கவனம் செலவாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளரின் மூளையில் கேட்டல், நினைவில் வைத்தல், பேசுதல் மூன்றும் ஒரே கவனத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்றும், ஓரிடத்தில் ஏற்படும் நெருக்கடி சில விநாடி கழித்து எளிதான வேறிடத்தில் விடுபடலாக வெளிப்படும் என்றும் பிரெஞ்சு ஆய்வாளர் டானியல் ஜில் விளக்கியிருக்கிறார். ஆக, விடுபட்ட சொல்லை மட்டும் பார்க்காமல், அதற்கு முன் என்ன வந்தது என்றும் குறித்துக்கொண்டால் காரணம் கிடைத்துவிடும்.

தாமதம் சொல்லும் கதை

பேசுபவர் ஒரு தகவலைத் தொடங்கிய கணத்துக்கும் மொழிபெயர்ப்பாளர் அதையே தொடங்கும் கணத்துக்கும் உள்ள இடைவெளிதான் தாமதம். சாதாரணமாக இரண்டிலிருந்து நான்கு விநாடி இருக்கும். குறைந்தால் நல்லது, கூடினால் கெட்டது என்று இதை அளக்க முடியாது. மிகவும் ஒட்டிப் போகிறவர் வாக்கியம் எங்கே திரும்பும் என்று தெரியாமலே தொடங்கிவிட்டு, நடுவில் மாட்டிக்கொள்வார். மிகவும் பின்தங்குகிறவர் நினைவில் தேக்கியதைத் தவறவிடுவார்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இது இன்னும் இறுக்கம். 'ஏற்க மாட்டோம்' என்பது ஆங்கிலத்தில் முதலிலேயே வந்துவிடும், நிபந்தனை பிறகு வரும். தமிழில் நிபந்தனை முதலில், வினை கடைசியில். எனவே அந்த 'மாட்டோம்' கடைசி வரை நினைவில் காத்திருக்க வேண்டும். அனுபவசாலிகள் வாக்கியத்தை வெட்டிவிடுவார்கள்: "சரக்கை ஏற்க மாட்டோம். எப்போது என்றால், மூன்று முறை துவைத்த பிறகும்..." கேட்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் எதிர்மறை தொலையாது.

மதிப்பிடுபவர் பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, தாமதத்தின் போக்கை. மூன்று, ஐந்து, எட்டு என்று ஏறிக்கொண்டே போய், அவர் வேகத்தைக் கூட்டாமலேயே சட்டென்று இரண்டுக்கு இறங்கினால், அந்த இடத்தில் ஒரு வாக்கியம் காணாமல் போயிருக்கிறது என்று கொள்ளலாம். பதிவை அங்கே நிறுத்திக் கேட்டால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். முதலாமவர் கடைசி வரை இரண்டு விநாடியிலேயே இருந்தது திறமையால் அல்ல. சுமையை வழியிலேயே இறக்கிவிட்டு நடந்ததால்தான்.

நிதானம் என்பது எது

குரல் இனிமை நிதானம் ஆகிவிடாது. தொடங்கிய வாக்கியத்தை முடிக்கிறாரா, பேசுபவரின் இடத்தில் நின்று 'நான்' என்றே சொல்கிறாரா, பையர் கோபப்படும்போது அந்தக் கோபத்தைச் சொல்லில் கொண்டுவந்துவிட்டுத் தான் படபடக்காமல் இருக்கிறாரா என்பவையே இதில் வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், தவறு செய்தபின் என்ன செய்கிறார் என்பது. 'திருத்தம், 1,350' என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தால் அதற்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம். குறைத்தால், அடுத்த முறை தவறான எண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போகத்தான் அவர் கற்றுக்கொள்வார். இரண்டாமவருக்கு மூச்சு வாங்கியதற்கும் குரல் தேய்ந்ததற்கும் மட்டும் குறைக்கலாம்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். முதலாமவருக்குச் சரித்தன்மை 2, முழுமை 2. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் தாமதத்துக்கு 5, நிதானத்துக்கு 5. மொத்தம் 14. இரண்டாமவருக்கு 5, 4, 3, 2. அவருக்கும் 14. ஒருவரை நம்பினால் கம்பெனி தவறான இடத்தில் கோளாறைத் தேடும், மற்றவரை நம்பினால் சரியான கேள்வியைக் கேட்கும். மொத்த மதிப்பெண்ணோ இருவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. நான்கையும் கூட்டவே கூடாது என்பதற்கு இதுவே போதும். சரித்தன்மையில் 3க்குக் கீழே போனால் மற்ற மூன்றையும் கணக்கில் எடுப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் சூழ்நிலையையும் இரண்டு வரி எழுத வேண்டும். ஆங்கிலப் பேச்சு நிமிடத்துக்கு 100 முதல் 120 சொற்கள் என்ற வேகத்தில் இருந்தால் வசதியாகப் பின்தொடரலாம். எழுதி வைத்ததைப் பார்த்து வாசிப்பவர் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார். ஆர்டர் விவரமும் முந்தைய சரக்கின் எண்களும் முன்கூட்டியே கையில் கிடைத்ததா, ஒலி தெளிவாக வந்ததா, மாற்றிவிட இரண்டாவது ஆள் இருந்தாரா? இவை இல்லாத கூட்டத்தில் குறையும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு, கூட்டத்தை ஏற்பாடு செய்தவருக்குச் சேர வேண்டியது.

பதிவும் இல்லை, இரு மொழி தெரிந்த ஆளும் இல்லை என்றால்? அப்போதும் 'மொழிபெயர்ப்பு எப்படி இருந்தது' என்ற கேள்வி வேண்டாம். எழுந்து போகும் முன் பையரும் முதலாளியும் தனித்தனியாக நான்கு விஷயங்களைத் தாளில் எழுதட்டும்: எத்தனை பீஸ் திரும்பி வந்தது, சோதனைக்கு எத்தனை முறை துவைக்க வேண்டும், எந்த ஆர்டரிலிருந்து புது நிபந்தனை, கோளாறு எங்கே என்பதில் பையர் உறுதியாக இருக்கிறாரா. இரண்டு தாள்களும் ஒத்துப்போகாத இடத்தை அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மதிப்பெண் எத்தனையானாலும், அக்டோபர் சரக்கு அந்தப் பதிலை வைத்துத்தான் ஏற்றுக்கொள்ளப்படும் அல்லது திரும்பி வரும்.