ஆயில் கம்பியின் படம்

நெடுஞ்சாலையோரம் வண்டியை நிறுத்திய மைத்துனர், டிப்ஸ்டிக்கைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "மேல்கோட்டைத் தாண்டி ஆயில் நிக்குது மாமா, கொஞ்சம் எடுத்துடலாமா?"

படத்தில் கோட்டுக்கு மேலேயும் ஈரம் தெரிந்தது உண்மைதான். ஆனால் அது திட்டுத்திட்டாக இருந்தது. ஓடிய எஞ்சினில் முதல் தடவை உருவும் கம்பியில் குழாய்ச் சுவரின் ஆயிலும் ஒட்டிக்கொண்டு வரும். அதைவைத்து அளவு சொல்ல முடியாது. சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து, கம்பியைத் துடைத்து, முழுதாகச் செருகி மறுபடி எடுக்கச் சொன்னேன். நுனியை மேலே தூக்கினால் ஆயில் கைப்பிடிப் பக்கம் வழியும். கிடையாகப் பிடித்து இரண்டு பக்கத்தையும் எடுக்க வேண்டும்.

இரண்டாம் படங்களில் ஒரு பக்கம் மேல்கோட்டருகே ஈரம், மறுபக்கம் நடுவில். குறைவாகக் காட்டும் பக்கத்தைத்தான் நம்புவேன். ஆகவே, "இரண்டு கோட்டுக்கும் நடுவில், ஏறத்தாழ பாதி. எடுக்கவும் வேண்டாம், ஊற்றவும் வேண்டாம்" என்றேன்.

நிறம்? கறுப்பாகத் தெரிந்தது. டீசல் வண்டியில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும்; அதனால் "கறுப்பாகத் தெரிகிறது" என்பதோடு நிறுத்திக்கொண்டேன், கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. பால் காப்பி நிறம் தெரிந்தால் நீரோ கூலன்ட்டோ கலந்திருக்கலாம். அப்போதும் மஞ்சள் விளக்கு ஏமாற்றும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, பகல் வெளிச்சத்தில் இன்னொரு படம் கேட்பேன்.