பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது: நடுவழியில் என்ன நடக்கிறது?

ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் 5 நாளில் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் கெடு வைத்தது. புகார் கொடுத்த நாளிலிருந்து 5 நாளா, பணம் எடுக்கப் போன நாளிலிருந்தா என்று கேட்டுத்தான் வாசகர் கடிதங்கள் அதிகம் வருகின்றன. பணம் எடுக்கப் போன தேதியிலிருந்துதான். புகாருக்குக் காத்திராமல் வங்கியே திருப்ப வேண்டும் என்கிறது விதி. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணம் வரவில்லை என்பது உங்கள் வங்கிக்கு எப்படித் தெரியும்?

வேறு வங்கியின் இயந்திரத்தில் 10,000 ரூபாய் கேட்கிறீர்கள். அந்த வங்கியின் கணினி, கார்டு எண்ணின் முதல் இலக்கங்களைப் பார்த்து இது தன்னுடையதல்ல என்று கண்டுகொண்டு, என்.பி.சி.ஐ. நடத்தும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் என்ற பொது இணைப்புக்குக் கோரிக்கையை அனுப்புகிறது. அங்கிருந்து அது உங்கள் வங்கிக்குப் போகிறது. உங்கள் வங்கி பின் எண்ணையும் இருப்பையும் சரிபார்த்து, 10,000 ரூபாயைக் கழித்துவிட்டு, ‘கொடுக்கலாம்’ என்று பதில் அனுப்புகிறது. கழிப்பது முதலில், நோட்டு வெளியே வருவது பிறகு. நோட்டு சிக்கினால், ‘கொடுக்கவில்லை, ரத்து செய்’ என்று இன்னொரு செய்தி அதே வழியில் போயாக வேண்டும். இணைப்பு அறுந்து அது போய்ச் சேராவிட்டால், உங்கள் வங்கியின் ஏட்டில் நீங்கள் பணம் வாங்கியவர்.

நோட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு கழித்தால் என்ன என்று கேட்கலாம். அப்போது இணைப்பு அறுந்தால், அதே இருப்பை அடுத்த தெரு இயந்திரத்திலும் எடுத்துவிட முடியும். எனவே வரிசையில் குறையில்லை. உறுத்துவது சாட்சியம்தான். நோட்டு வந்ததா என்பதைச் சொல்லக்கூடியவை இயந்திரத்தின் பதிவேடும் பெட்டியில் மிஞ்சிய ரொக்கமும்; இரண்டும் இருப்பது இயந்திரத்தை நடத்தும் வங்கியிடம். ரத்துச் செய்தி வராததால், வங்கிகளுக்கிடையிலான கணக்குத் தீர்ப்பில் உங்கள் 10,000 ரூபாயும் அந்த வங்கிக்குப் போய்விடுகிறது. வெளியே வராத நோட்டும் அதனிடமே. பெட்டியை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடும்போதுதான் உபரி வெளிப்படும். ‘தானாகத் திரும்பும்’ என்ற அரசுமொழிக்கு, ‘அவர்கள் ஒழுங்காக எண்ணினால்’ என்று பொருள் கொள்வதே சரி.

தாமதத்துக்கென்று விதியில் ஓர் அபராதமும் இருக்கிறது. 1ஆம் தேதி கழிந்த பணம் 6ஆம் தேதிக்குள் திரும்ப வேண்டும். 12ஆம் தேதி வந்தால், தாமதமான 6 நாளுக்கு நாளொன்றுக்கு 100 வீதம் 600 ரூபாயையும், நீங்கள் கேட்காமலே கணக்கில் சேர்க்க வேண்டும். அது சேர்ந்திருக்கிறதா என்று கணக்கைப் பாருங்கள்.

இன்னும் சில கேள்விகள். பின் எண் இயந்திரத்தை நடத்தும் வங்கிக்குத் தெரியுமா? தெரியாது, மறைகுறியாக்கியே போகிறது.

நோட்டு வராத முயற்சி இலவச எண்ணிக்கையில் சேருமா? தொழில்நுட்பக் கோளாறு என்றால் சேராது.

யாரிடம் புகார் செய்வது? உங்கள் வங்கியிடம், எழுத்து மூலம். ‘பணம் வழங்கப்பட்டது’ என்று பதில் வந்தால் இயந்திரப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள்.