தும்பிக்கை என்னும் தொல்லை

சிறுவர் இதழ் ஒன்றுக்காக யானைக்குட்டிக் கதை ஒன்றை எழுதினேன். இடம் முதுமலை, மாயாற்றங்கரை. குட்டியின் பெயர் சோமு. பிறந்த மறுநாளே சோமு ஆற்றில் இறங்கி, தும்பிக்கை நிறையத் தண்ணீரை உறிஞ்சி அம்மா முதுகில் பீய்ச்சி அடித்தது. இதழுக்கு அனுப்பும் முன் அக்கா மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு வயது 6.

"அதுக்கு யார் மாமா சொல்லிக் குடுத்தா?" என்றாள்.

யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அதைவிட மோசம், அப்படி நடக்கவே நடக்காது. எனக்கும் அது தெரியும், தெரிந்தும் எழுதிவிட்டேன். யானைக்குட்டி என்றாலே தண்ணீர் பீய்ச்ச வேண்டும் என்று கை பழகிப்போயிருக்கிறது. கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

இந்த முறை சோமு பிறந்த அன்று ஒன்றுமே செய்யவில்லை. ஏறக்குறைய 100 கிலோ எடை, மூன்றடி உயரம், எழுந்து நிற்கவே தடுமாறுகிற கால்கள். முகத்தின் நடுவே ஒன்று தொங்கிக்கொண்டு இருக்கிறது. அது தன்னுடையதுதான் என்பதே சோமுவுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. நடந்தால் இங்கும் அங்கும் ஆடுகிறது. குனிந்தால் காலுக்கடியில் போய் மாட்டுகிறது. தன் தும்பிக்கையைத் தானே மிதித்து இடறுவது பிறந்த குட்டிகளுக்குச் சகஜம்.

பால் குடிக்கும்போது அது வெறும் இடைஞ்சல். தாய் யானையின் மடி முன்னங்கால்களுக்கு இடையில் இருக்கிறது. குட்டி வாயால்தான் சப்பிக் குடிக்கும். அதற்குத் தும்பிக்கையைத் தலைக்கு மேலோ பக்கவாட்டிலோ ஒதுக்கிவிட வேண்டும். தாயை இழந்த குட்டிகளை வளர்க்கும் முகாம்களிலும் பால் புட்டியை வாயில்தான் வைக்கிறார்கள், தும்பிக்கையில் அல்ல. வேலை இல்லாத நேரத்தில் சோமு அதைச் சுருட்டி வாய்க்குள் விட்டுச் சப்புகிறது. நம் பிள்ளைகள் கட்டைவிரலைச் சூப்புவது போலத்தான்.

"அவ்வளவு நாள் ஆகுமா? கை ஆட்டுறது ஈஸிதானே?" என்றாள் அவள்.

கை ஆட்டுவது எளிது, ஏனென்றால் கைக்குள் எலும்பு இருக்கிறது. முழங்கை ஓர் இடத்தில்தான் மடங்கும், அதுவும் ஒரு பக்கமாகத்தான். மூளைக்குப் பாதி வேலை மிச்சம். தும்பிக்கையோ மூக்கும் மேலுதடும் ஒன்றாக நீண்டு வளர்ந்த உறுப்பு. உள்ளே ஓர் எலும்புகூட இல்லை. நாக்கைப் போல முழுக்கத் தசை. ஒரு பக்கத் தசைகள் இறுகினால் அந்தப் பக்கம் வளையும், குறுக்குத் தசைகள் இறுகினால் மெலிந்து நீளும். எந்த இடத்தில் வேண்டுமானாலும், எந்தத் திசையில் வேண்டுமானாலும் மடங்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கே மடக்குவது என்பதை ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாக வேண்டும். பொது அறிவுப் புத்தகங்களில் 40,000 தசைகள் என்று போட்டிருக்கும். 2023இல் பெர்லின் ஆய்வாளர்கள் இறந்துபோன ஆசிய யானைக்குட்டி ஒன்றின் தும்பிக்கையை நுண்கதிர்ப்படமாக எடுத்துத் தசை இழைக்கட்டுகளைக் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 90,000 வந்தது. கட்டு வேறு, தசை வேறு. இரண்டு எண்களையும் ஒப்பிடக் கூடாது. ஆனாலும் சோமுவின் சங்கடம் புரியும்.

வளர்ந்த யானைகள் இந்தச் சங்கடத்தைத் தீர்க்கும் வழி அழகானது. தென்னாப்பிரிக்காவில் இரண்டு யானைகளின் தும்பிக்கை அசைவை ஜெனீவா பல்கலைக்கழகத்தார் பல கேமராக்களால் பதிவு செய்து 2021இல் வெளியிட்டார்கள். எட்டி எடுக்கும்போது யானை சில பகுதிகளை விறைப்பாக்கிக்கொண்டு நடுவில் மட்டும் மடக்குகிறதாம். அதாவது இல்லாத முழங்கையைத் தற்காலிகமாக உண்டாக்கிக்கொள்கிறது.

அவளுக்கு இதைச் சொல்லிப் பயனில்லை. ஒரு முழுக்கை ஸ்வெட்டரை மாட்டிவிட்டேன். கை நுனிக்கு மேல் ஒரு சாண் தொங்கியது. தரையில் வேர்க்கடலையைப் போட்டு, துணிக்குள்ளிருந்தே எடு என்றேன். முதலில் கடலை உருண்டு ஓடியது. அப்புறம் துணியோடு சேர்த்து அள்ளினாள், பாதி வழியில் விழுந்தது. குனிந்து வாயாலேயே கவ்விவிட்டாள்.

சோமுவும் அதைத்தான் செய்கிறது. மூன்று, நான்கு மாதத்தில் புல்லைத் தடவிப் பார்க்கத் தொடங்குகிறது. ஒரு தாளைச் சுற்றிப் பிடிக்கப் போய் நழுவவிடுகிறது, முட்டி போட்டு வாயால் மேய்கிறது. ஆப்பிரிக்க யானையின் தும்பிக்கை நுனியில் மேலும் கீழுமாக இரண்டு விரல் போன்ற முனைகள் உண்டு, கிள்ளி எடுக்க வாகானவை. நம் ஆசிய யானைக்கு மேலே ஒன்றுதான். அதனால் பொருளைக் கீழ்ப்பகுதியோடு அழுத்திப் பிடிக்கிறது, அல்லது சுற்றி வளைத்துக்கொள்கிறது.

பிடிப்பது மட்டும் போதாது. அம்மா புல்லைத் தின்னும் விதத்தைப் பார்க்க வேண்டும். புதரைச் சுற்றிப் பிடித்து இழுக்கிறாள். வராவிட்டால் முன்னங்காலால் ஓர் உதை. வேரோடு வந்ததை முழங்காலில் நாலு தட்டுத் தட்டி மண்ணை உதிர்க்கிறாள், பிறகே வாய்க்குப் போகிறது. மண் பல்லைத் தேய்க்கும். சோமு பக்கத்தில் நின்று இரண்டு குச்சியைப் பிடுங்கித் தட்டுகிறது. மண் உதிர்கிறது, கூடவே புல்லும்.

எது தின்னத்தக்கது என்று அறிய அதற்கு நேர்வழி ஒன்று உண்டு. தும்பிக்கையை அம்மாவின் வாய்க்குள் விட்டு, மெல்வதை முகர்கிறது, சில சமயம் எடுத்தும் தின்கிறது. அம்மா தடுப்பதில்லை. மோப்பத்தில் மட்டும் சோமு தொடக்கத்திலிருந்தே சூரன். 2014இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டின்படி, ஆப்பிரிக்க யானைக்கு வாசனையை உணரும் மரபணுக்கள் ஏறக்குறைய 2,000. நாய்க்கு 800 போல, நமக்கு 400 போல. தும்பிக்கைக்குக் கை வேலை வருவதற்கு வெகு முன்பே மூக்கு வேலை வந்துவிடுகிறது.

தண்ணீர்தான் கடைசியில் வருகிறது. சின்னக் குட்டி ஆற்றோரம் மண்டியிட்டு வாயால் குடிக்கும். தும்பிக்கை என்பது உறிஞ்சுகுழல் அல்ல, அது ஒரு மொந்தை. நீரை உறிஞ்ச வேண்டும், நடுவழியில் நிறுத்த வேண்டும், நுனியை மூடி வளைத்து வாய்க்குக் கொண்டுபோய் ஊத வேண்டும். மூச்சு விடும் குழாயிலேயே இத்தனையும் நடக்கிறது. பெரிய யானை ஒரு தடவையில் 8 லிட்டர் வரை எடுக்கும். அட்லாண்டா உயிரியல் பூங்காவில் ஓர் ஆப்பிரிக்க யானையை ஆராய்ந்தவர்கள், உறிஞ்சும்போது அது மூக்குத்துளைகளை விரித்து உள்ளிடத்தை 64 விழுக்காடு வரை கூட்டிக்கொள்வதைக் கண்டார்கள்.

சோமுவோ உறிஞ்சுகிறது, தூக்குகிறது, வாய் வரும் முன்பே திறந்துவிடுகிறது. தண்ணீர் மார்பில் வழிகிறது. மறுபடியும். ஆறாவது மாதம் தாண்டி ஒரு நாள், நாலு மிடறுதான் இருக்கும், வாய்க்குள் போகிறது. கதையை அங்கே நிறுத்தினேன்.

"அம்மா மேல பீய்ச்சி அடிக்கலையா?"

"இன்னும் இல்ல."

ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். ஏழாவது கடலை வாய்க்குப் போனபோது மணி ஒன்பதரை.