திரைப்படக் காட்சிகளை ஆய்வில் மேற்கோள் காட்டும் முறை: தேனி, கம்பம் பள்ளத்தாக்குத் திரைப்படங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஊடக ஆய்வுகளில் திரைப்படக் காட்சியொன்று சான்றாக வைக்கப்படும்போது, இயக்குநரின் பெயரும் காட்சி இடம்பெறும் நேரமும் குறிக்கப்படுகின்றன. அந்த நேரக்குறிப்பு ஆய்வாளர் பார்த்த குறிப்பிட்ட படிக்கு உரியது. படத்தின் எல்லாப் படிகளுக்கும் அது பொருந்துவதில்லை. தேனி மாவட்டத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் களமாகக் கொண்ட திரைப்படங்களின் வழியாக, இயக்குநருக்கும் பிற கலைஞர்களுக்கும் உரிமை வழங்கும் முறையையும், நேரக்குறிப்பைச் சரிபார்க்கத்தக்கதாக அமைக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திரைப்பட மேற்கோள், இயக்குநர், நேரக்குறிப்பு, படி, தேனி, ஆவணப்படம்.

முன்னுரை

லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018 ஆகஸ்டில் திரையரங்குகளில் வெளியானது. மலையேறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் சென்று உழைக்கும் ரெங்கசாமி என்னும் நிலமற்ற தொழிலாளி, துண்டு நிலமொன்றை வாங்க முயல்வதே படத்தின் கதை. அவன் சுமந்துவரும் ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு சிதறும் காட்சி, உழைப்பும் நிலவுரிமையும் குறித்த ஆய்வுகளுக்கு வலுவான சான்றாகும். “இக்காட்சி படத்தின் நடுப்பகுதியில் வருகிறது” என்று ஆய்வாளர் எழுதினால், படிப்பவர் அதனைத் தேடிச் சோதிக்க இயலாது. நூலுக்குப் பக்க எண் ஆற்றும் பணியைத் திரைப்படத்திற்கு நேரக்குறிப்பே ஆற்ற வேண்டும்.

இயக்குநர் பெயரும் தமிழ்ப் பெயர் மரபும்

பன்னாட்டு மேற்கோள் முறைகளுள் இரண்டு தமிழ் ஆய்வுகளில் மிகுதியாகப் பின்பற்றப்படுகின்றன. ஏ.பி.ஏ. முறை, நூலாசிரியர் பெயர் வரும் இடத்தில் இயக்குநரின் பெயரை வைத்து, அவர் இயக்குநர் என்பதை அடைப்புக்குறிக்குள் சுட்டும். எம்.எல்.ஏ. முறையில் பதிவு பெரும்பாலும் படத்தின் தலைப்பில் தொடங்கும். ஆய்வு இயக்குநரையே மையமாகக் கொண்டிருந்தால் அவர் பெயரில் தொடங்கலாம். எதைத் தேர்ந்தாலும் கட்டுரை முழுவதும் அதனையே பின்பற்ற வேண்டும்.

இம்முறைகள் குடும்பப்பெயரை முன்னே நிறுத்தும் வழக்கத்திலிருந்து உருவானவை. அவ்வழக்கின்படி ‘லெனின் பாரதி’ என்பதைப் ‘பாரதி, லெ.’ என்று மாற்றினால், குடும்பப்பெயர் அல்லாத ஒன்று குடும்பப்பெயராகிவிடும். படிப்பவர் வேறொருவரை எண்ணவும் கூடும். ஆகவே, படத்தின் பெயர்ப்பட்டியலில் உள்ளவாறே முழுப்பெயரையும் எழுதுவது பொருத்தமானது. தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்த பாரதிராஜாவைப் போல ஒற்றைப் பெயரால் அறியப்படுவோர்க்கு அப்பெயர் மட்டுமே போதும்.

ஆண்டினைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’, ‘சிகப்பு ரோஜாக்கள்’ ஆகிய இரண்டும் 1978இல் வெளியானவை. இரண்டையும் ஒரே கட்டுரையில் எடுத்தாளும்போது ‘பாரதிராஜா, 1978’ என்ற குறிப்பு எப்படத்தைச் சுட்டுகிறது என்பது விளங்காது. 1978அ, 1978ஆ எனப் பிரித்து, துணைநூற்பட்டியலிலும் அவ்வாறே காட்ட வேண்டும். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரையரங்க வெளியீட்டிற்கு முன்பே திரைப்பட விழாக்களில் காட்டப்பட்டது. ஆய்வாளர் பார்த்தது திரையரங்க வெளியீட்டின் வழிவந்த படியாயின் 2018 என்றே குறிக்க வேண்டும்.

கருத்திற்கு ஏற்ப உரிமை வழங்குதல்

பட்டியலில் இயக்குநர் பெயர் நிற்பதால், படத்திலுள்ள யாவும் அவர் ஒருவருடைய ஆக்கமே என்று பொருள்படாது. சுசீந்திரன் இயக்கத்தில் 2011இல் வெளிவந்த ‘அழகர்சாமியின் குதிரை’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். தேனி வட்டாரச் சிற்றூர் ஒன்றில் திருவிழாவிற்குரிய மரக்குதிரை காணாமற்போவதைச் சுற்றி இயங்கும் அப்படம், பாஸ்கர் சக்தி எழுதிய சிறுகதையைத் தழுவியது. படத்திற்கு உரையாடலும் அவரே எழுதினார். எனவே ஊராரின் பேச்சிலுள்ள எள்ளலைப் பற்றி எழுதும் ஆய்வாளர், “சுசீந்திரன் கூறுகிறார்” என எழுதுவது பொருந்தாது. “சுசீந்திரன் இயக்கிய படத்தில், பாஸ்கர் சக்தியின் உரையாடலில்” என்று எழுதுவதே முறை. சிறுகதையிலிருந்து ஒரு தொடரை எடுத்தால் அதற்குத் தனிப்பதிவு வேண்டும். கதையிலுள்ள தொடர் படத்திலும் அவ்வாறே ஒலிக்கும் என்று கொள்ளலாகாது.

இவ்வாறே, ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யின் இறுதியில் காற்றாலைகள் நிற்கும் நிலம் உயரத்திலிருந்து காட்டப்படும் விதத்தை ஆராய்பவர், ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வரின் பெயரைக் கட்டுரையின் தொடரிலேயே சுட்ட வேண்டும்.

ஆவணப்படத்தில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ (2017) போன்ற ஆவணப்படத்தில் ஒரு தொழிலாளி தம் வாழ்வைப் பற்றிக் கூறும் சொற்கள் அவருடையவை. அவற்றைத் தேர்ந்து, வெட்டி, வரிசைப்படுத்தியவர் இயக்குநர். “துப்புரவுத் தொழிலாளி ஒருவர் கூறுகிறார்” எனப் பேசுபவரைத் தொடரிலும், இயக்குநர், ஆண்டு, நேரம் ஆகியவற்றை அடைப்புக்குறியிலும் காட்டினால் இருவர் பங்கும் தெளிவாகும். படம் இணையத்தில் பதிவேற்றப்பட்டிருப்பின், பதிவேற்றியவரின் பெயர் இயக்குநரின் இடத்திற்கு வருதல் கூடாது. அது படியைப் பற்றிய விவரத்தில் இடம்பெற வேண்டும்.

நேரக்குறிப்பு எழுதும் முறை

மணி, நிமிடம், நொடி ஆகிய மூன்றையும் எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும். எம்.எல்.ஏ. முறை தொடக்கத்தையும் முடிவையும் கேட்கிறது, ஏ.பி.ஏ. முறையில் மேற்கோள் தொடங்கும் நேரம் போதும். உரையாடலாயின் முதற்சொல் ஒலிக்கும் நொடியையும், காட்சியாயின் முதற்சட்டகம் தோன்றும் நொடியையும் தொடக்கமாகக் கொள்ள வேண்டும்.

மூட்டை சிதறும் காட்சி ஆய்வாளரின் படியில் 01:10:20 முதல் 01:11:05 வரை அமைந்துள்ளதாக எடுத்துக்காட்டிற்காகக் கொள்வோம். கட்டுரைக்குள் குறிப்பு பின்வருமாறு அமையும்:

(லெனின் பாரதி, 2018, 01:10:20–01:11:05)

பட்டியலில் அமையும் பதிவு:

லெனின் பாரதி (இயக்குநர்). (2018). மேற்குத் தொடர்ச்சி மலை [திரைப்படம்]. விஜய் சேதுபதி புரொடக்‌ஷன்ஸ்.

இதனையடுத்து, பார்த்த படி எது, அதனை வெளியிட்ட நிறுவனம் அல்லது தளம் எது, அதன் மொத்த ஓடுநேரம் எவ்வளவு, பார்த்த நாள் எது என்பவற்றை ஒரு வரியில் சேர்க்க வேண்டும். பன்னாட்டு முறைகள் ஓடுநேரத்தை வலியுறுத்துவதில்லை. ஆயினும் அதன்றி நேரக்குறிப்பைச் சோதிப்பது கடினம்.

உரையாடலை எடுத்தெழுதும்போது ஒலிக்கும் வட்டார வழக்கை அவ்வாறே எழுத வேண்டும். திரையின் அடியில் வரும் மொழிபெயர்ப்பு வரியை எடுத்தால் அது அடிவரி என்று சுட்டப்பட வேண்டும். அடிவரிகள் பேச்சைச் சுருக்குவதால் இரண்டும் ஒன்றாகா.

படிகள் வேறுபடும்போது

ஒரே படத்தின் இரு படிகளில் ஒரே காட்சி வெவ்வேறு நேரத்தில் வருவதற்கு மூன்று காரணங்கள் பொதுவானவை. முதலாவது, முன்னே சேர்க்கப்படும் பகுதிகள். தணிக்கைச் சான்றிதழ், நிறுவன முத்திரை முதலியன சில படிகளில் இருக்கும், சிலவற்றில் இரா. 2012 அக்டோபர் 2 முதல், புகையிலைப் பயன்பாடு காட்டப்படும் படங்களின் தொடக்கத்திலும் இடைப்பகுதியிலும் எச்சரிக்கைப் படத்துணுக்குகள் காட்டப்படுகின்றன. இவை எல்லாப் படிகளிலும் ஒரேவிதமாக இடம்பெறுவதில்லை. இரண்டாவது, வெட்டு. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் படியில் பாடலோ காட்சியோ நீக்கப்பட்டிருக்கலாம். மூன்றாவது, ஓட்ட வேகம். நொடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்பட்ட படத்தை, நொடிக்கு 25 சட்டகங்கள் ஓடும் பால் முறைக் குறுந்தகட்டிற்கு மாற்றும்போது படம் சற்று விரைந்து ஓடுவதுண்டு. அப்போது ஒவ்வொரு நேரமும் 0.96 ஆல் பெருக்கப்பட்டதாகும்.

எக்காரணம் செயற்பட்டுள்ளது என்பதைக் கண்டறிய, இரு படிகளிலும் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று இடங்களில் எளிதில் அடையாளம் காணத்தக்க காட்சிகளைத் தேர்ந்து நேரங்களை ஒப்பிட வேண்டும். முதற்படியில் அவை 00:10:00, 01:00:00, 02:00:00 எனக் கொள்வோம். இரண்டாம் படியில் அவை முறையே 00:10:45, 01:00:45, 02:00:45 என வந்தால் வேறுபாடு மாறாமல் 45 நொடியாகவே உள்ளது. முன்னே ஏதோ சேர்க்கப்பட்டுள்ளது என்பது தெளிவு. 00:09:36, 00:57:36, 01:55:12 என வந்தால் வேறுபாடு படிப்படியாக வளர்கிறது. காரணம் ஓட்ட வேகம். ஓரிடம்வரை ஒத்துவந்து, அதன்பின் திடீரெனக் குறைந்தால் அங்கு வெட்டு நிகழ்ந்துள்ளது. கூடினால் இடையில் ஏதோ சேர்க்கப்பட்டுள்ளது.

மேற்காட்டிய 01:10:20 என்பது 4220 நொடிகள். விரைவுபடுத்தப்பட்ட படியொன்றில் அது ஏறத்தாழ 4051 நொடியாக, அதாவது 01:07:31 ஆக அமையும். கிட்டத்தட்ட மூன்று நிமிட வேறுபாடு, படிப்பவரை முற்றிலும் வேறொரு காட்சிக்குக் கொண்டு செல்லும். படியின் மொத்த ஓடுநேரம் பதிவில் இருந்தால், அவர் தம் படியின் ஓடுநேரத்துடன் ஒப்பிட்டு இதனை உய்த்துணர்வார்.

வெட்டுண்ட படியைக் கணக்கீட்டால் மட்டும் ஈடுசெய்ய இயலாது. அதனால் நேரக்குறிப்புடன் காட்சியின் அடையாளத்தையும் கட்டுரையில் ஓரிரு சொற்களில் தருதல் வேண்டும். “ஏலக்காய் மூட்டை சரிவில் உருளும் காட்சி” என்ற தொடர், நேரம் பிறழ்ந்தாலும் காட்சியைக் கண்டடைய உதவும். திரையரங்கில் மட்டும் பார்த்த படத்திற்கு நேரக்குறிப்பை நினைவிலிருந்து ஊகித்து எழுதுதல் கூடாது. அங்குக் காட்சி அடையாளமும் பார்த்த இடமும் நாளுமே தரத்தக்கவை.

முடிவுரை

இயக்குநரின் பெயர் படத்தை அடையாளப்படுத்துகிறது. பார்த்த படியின் விவரம் நேரக்குறிப்பிற்குப் பொருள் தருகிறது. உரையாடல், ஒளிப்பதிவு, ஆவணப்படத்தில் பேசுவோரின் சொல் ஆகியவற்றிற்குரிய உரிமை, ஆய்வாளர் முன்வைக்கும் கருத்தைப் பொறுத்துக் கட்டுரையின் தொடரில் வழங்கப்பட வேண்டும். நிலமற்ற ஒருவனின் இழப்பைப் பற்றிய கருத்து ஒரு நிமிடத்திற்கும் குறைவான காட்சியின்மேல் எழுப்பப்படும்போது, அக்காட்சியை வேறொருவரும் திறந்து பார்த்து உடன்படவோ மறுக்கவோ வழி இருத்தல் வேண்டும். படி, ஓடுநேரம், நேரக்குறிப்பு, காட்சி அடையாளம் ஆகிய நான்கும் சேர்ந்தே அவ்வழியை அமைக்கின்றன.